பிளக்கை ஆட்டினால்தான் சார்ஜ் ஏறுகிறதா? பழுது எங்கே என்று கண்டுபிடிக்கும் முறை

சைதாப்பேட்டையில் இருக்கும் என் அக்கா மகள் போன மாதம் லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். "மாமா, பிளக்கை மேலே தூக்கிப் பிடிச்சாத்தான் சார்ஜ் ஏறுது. கடையில மதர்போர்டை மாத்தணும்னு சொல்றாங்க." ஒரு மாதமாக பிளக்குக்கு அடியில் நோட்டுப் புத்தகத்தை முட்டுக் கொடுத்து ஓட்டியிருக்கிறாள். இந்த அறிகுறிக்கு மதர்போர்டை மாற்றுவது பெரும்பாலும் தேவையே இல்லை. ஒயர், பிளக்கின் ஊசி, ஜாக்கின் ஈயப் பற்று என்ற மூன்றில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும்.

முதலில் அடாப்டர் பெட்டியில் உள்ள விளக்கைப் பாருங்கள். பிளக்கை ஆட்டும்போது அந்த விளக்கும் அணைந்தால், சுவர் பக்கம் போகும் ஒயர் தளர்ந்திருக்கலாம், அல்லது பிளக் பக்க ஒயர் உள்ளே ஷார்ட் ஆகிறது. விளக்கு எரிந்துகொண்டே இருக்க, லேப்டாப்பில் மட்டும் சார்ஜ் நின்றால், கோளாறு பெட்டிக்கு அப்பால் இருக்கிறது.

அடுத்து ஒயரைத் தனியாகச் சோதியுங்கள். பிளக்கை ஜாக்கில் அசையாமல் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிளக்கின் கழுத்துப் பக்கம் ஒயரை மட்டும் மெல்ல வளையுங்கள். சார்ஜ் விட்டு விட்டு வந்தால் ஒயர்தான். அப்புறம் ஒயரை அசைக்காமல் பிளக்கை மட்டும் ஆட்டுங்கள். அப்போது விட்டுப் போனால் ஜாக்கைச் சந்தேகிக்கலாம். அக்கா மகளின் லேப்டாப்பில் இரண்டாவதுதான் நடந்தது.

மல்டிமீட்டரில் உறுதிசெய்யும்போது ஒரு கவனம் வேண்டும். அவளுடையது நடுவில் மெல்லிய ஊசி உள்ள 7.4 மி.மீ. பிளக். உள்சுவரில் பாசிட்டிவ், வெளிச்சுவரில் நெகட்டிவ். நடு ஊசியில் மின்சாரம் வருவதில்லை. அடாப்டர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்லும் சிக்னல் கம்பி அது. மீட்டர் முனை ஊசியையும் உள்சுவரையும் சேர்த்துத் தொட்டால் 19.5 வோல்ட் அந்தக் கம்பியில் பாய்ந்து, அடையாளச் சிப் போய்விடலாம். அதனால் நான் ரிச்சி தெருவில் அதே அளவு ஜாக்கை ஒயரோடு தனியாக வாங்கி, அதில் பிளக்கைச் செருகி, ஜாக்கின் ஒயரில் அளந்தேன். மீட்டரை 200 வோல்ட் டிசி நிலையில் வையுங்கள். ஆட்டி ஆட்டிப் பார்த்தும் 19.5 அப்படியே நின்றது.

ஆனால் ஒயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. லேப்டாப் 3 ஆம்பியர் இழுக்கும்போதுதான் அந்த இழை சூடாகும். பத்து நிமிடம் சார்ஜ் ஏற்றிவிட்டு, பிளக்கின் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். ஒரே இடத்தில் சுட்டால் உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன. அவளுடைய ஒயரில் அப்படிச் சூடு இல்லை.

நடு ஊசி வளைந்தாலோ உடைந்தாலோ அறிகுறி வேறு மாதிரி இருக்கும். லேப்டாப் ஓடும், ஆனால் `Plugged in, not charging` என்று காட்டும். வேகமும் குறையலாம். அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, தீர்ந்துபோன பேனா ரீஃபிளின் பின்முனையை ஊசியின் மேல் சொருகி மெல்ல நிமிர்த்தலாம். திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும். இவள் பிளக்கில் ஊசி நேராகத்தான் இருந்தது.

மிச்சம் இருப்பது ஜாக். அடாப்டரைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைப் பிடுங்கினேன். சில மாடல்களில் ஜாக் தனி ஒயரோடு வரும். அதில் ஈயம் வைக்கும் வேலையே இல்லை, ஒயரோடு புதிதாக மாற்றிவிடலாம். இதில் ஜாக் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. போர்டைத் திருப்பி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து லென்ஸில் பார்த்தபோது, நெகட்டிவ் காலைச் சுற்றி ஈயத்தில் தலைமுடி அளவு கருப்பு வளையம். மரக்குச்சியால் ஜாக்கைத் தள்ளினால் அந்தக் கால் மட்டும் ஈயத்துக்குள் அசைந்தது. பிளக்கைத் தூக்கினால் விரிசல் மூடிக்கொள்ளும், விட்டால் திறந்துகொள்ளும். அவ்வளவுதான் விஷயம்.

அந்தக் காலில் ஃப்ளக்ஸ் தடவி, பழைய ஈயத்தை எடுத்துவிட்டு, புது ஈயம் வைத்தேன். நெகட்டிவ் கால் பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சூட்டை இழுத்துக்கொள்ளும். 25 வாட் அயர்னில் ஈயம் மேலோடு மட்டும் ஒட்டி, சில வாரத்தில் திரும்ப விரியும். 60 வாட் வேண்டும். ஈயம் காலைச் சுற்றி வழிந்து, பளபளப்பான கூம்பாக நிற்க வேண்டும். உருண்டையாக நின்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

இதுவரை ஈயமே வைத்துப் பழகாதவர்கள் இந்த போர்டில் ஆரம்பிக்க வேண்டாம். விரிசலைப் போட்டோ எடுத்து, "இந்தக் காலுக்கு மட்டும் ஈயம் வைத்துக் கொடுங்கள்" என்று கடையில் கேளுங்கள். ஜாக்கின் பிளாஸ்டிக் கருகியிருந்தாலோ, பிளக் உள்ளே லொடலொடவென்று ஆடினாலோ ஈயம் வைத்துப் பயனில்லை, ஜாக்கையே மாற்றச் சொல்லுங்கள்.

பேட்டரியை இணைத்து, மூடுவதற்கு முன்பே பிளக்கைச் செருகி நாலு பக்கமும் ஆட்டிப் பார்த்தேன். சார்ஜ் விளக்கு அசையவில்லை. அரை மணி நேரம் கழித்து ஜாக்கைத் தொட்டபோதும் சூடு இல்லை. அதன் பிறகுதான் திருகுகளைப் போட்டேன்.