பழைய மனையை விற்கும்போது குறியீட்டுக் கணக்கில் நடக்கும் தவறுகள்

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். அப்பா 1992-ல் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையை 60,000 ரூபாய்க்கு வாங்கினார். 2012-ல் அவர் காலமானார். மனை மகனுக்கு வந்தது. மகன் அதை 2025 மார்ச்சில் 18 லட்சத்துக்கு விற்றார். வரி எவ்வளவு?

பெரும்பாலானோர் முதலில் தேடுவது 1992 கிரயப் பத்திரத்தைத்தான். அதிலுள்ள 60,000-ஐயே அடக்க விலையாக வைத்துக் கணக்கைத் தொடங்கிவிடுகிறார்கள். இங்கேதான் பெரிய நஷ்டம். 2001 ஏப்ரல் 1-க்கு முன்பு வாங்கிய சொத்து என்றால், அந்தத் தேதியில் அதற்கிருந்த சந்தை மதிப்பையே அடக்க விலையாக எடுத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. விலைவாசி உயர்வுக்கு ஏற்ப அடக்க விலையை உயர்த்திக் கணக்கிட உதவும் பணவீக்கக் குறியீட்டு அட்டவணையும் 2001-02-ஐ 100 என்று வைத்தே தொடங்குகிறது. 1981-ல் தொடங்கிய பழைய அட்டவணை சில இணையப் பக்கங்களில் இன்னமும் கிடக்கிறது. அதை இப்போது பயன்படுத்தக் கூடாது.

சரி, 2001 மதிப்பை எப்படி நிரூபிப்பது? மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கலாம். ஆனால் அந்தத் தேதிக்கான அரசு வழிகாட்டி மதிப்பு கிடைக்கும் இடங்களில் அதைத் தாண்டி எடுக்க முடியாது. சதுர அடிக்கு வழிகாட்டி மதிப்பு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மதிப்பீட்டாளர் 150 என்று எழுதித் தந்தாலும் அடக்கம் 2,40,000 ரூபாய்தான். அதனால் மதிப்பீட்டாளருக்குக் கட்டணம் கொடுப்பதற்கு முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தக் காலத்து வழிகாட்டி மதிப்பைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்த தவறு வாரிசுச் சொத்தில் வருவது. மனை மகன் கைக்கு வந்தது 2012-ல்தானே என்று 2012-13-ன் குறியீடான 200-ஐ எடுக்கிறார்கள். சட்ட வாசகத்தை நேராகப் படித்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் முந்தைய உரிமையாளர் வைத்திருந்த காலத்திலிருந்தே குறியீட்டைக் கணக்கிட வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2011-ல் தீர்ப்பளித்தது. ஆகவே அப்பாவின் காலத்தைச் சேர்த்து 100-லிருந்து தொடங்கலாம். அப்பா காலமான ஆண்டின் வழிகாட்டி மதிப்பை அடக்க விலையாக வைப்பதும் தவறுதான்.

விற்ற ஆண்டிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. 2025 மார்ச் விற்பனைக்கான ரிட்டர்ன் படிவத்தில் மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அட்டவணையில் 2025-26-க்கு நேரே உள்ள 376-ஐ எடுத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது விற்பனை நடந்த நிதியாண்டு 2024-25; அதன் குறியீடு 363. தவறான எண்ணைப் போட்டால் வரி 6,240 ரூபாய் குறைவாகத் தெரியும். அப்புறம் நோட்டீஸ் வந்தால் வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும்.

இப்போது சரியான கணக்கு. 2,40,000 × 363 ÷ 100 = 8,71,200. விற்ற விலையில் இதைக் கழித்தால் ஆதாயம் 9,28,800. அதற்கு 20% வரி 1,85,760 ரூபாய், செஸ் தனி. தரகுக் கமிஷன் போன்ற விற்பனைச் செலவு இருந்தால் அதை அப்படியே கழிக்கலாம். அதற்குக் குறியீட்டுப் பெருக்கல் கிடையாது. 2010-11-ல் சுற்றுச்சுவர் கட்டியிருந்தால் அந்தச் செலவுக்கு அந்த ஆண்டின் 167-லிருந்து கணக்கிட வேண்டும், 100-லிருந்து அல்ல.

இத்தோடு நிறுத்திவிடுவதும் தவறு. 2024 ஜூலை 23 முதல் பொது விதி குறியீடு இல்லாமல் 12.5% வரி. அந்தத் தேதிக்கு முன்பு வாங்கிய நிலத்தையோ கட்டடத்தையோ விற்கும் உள்நாட்டுவாசித் தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டும், இரண்டு வழியில் எது குறைவோ அந்த வரி. நம் கணக்கில் 18,00,000-லிருந்து 2,40,000 போக 15,60,000, அதில் 12.5% என்றால் 1,95,000. குறியீட்டு வழியில் 9,240 ரூபாய் மிச்சம். ஆனால் இதே மனை 30 லட்சத்துக்குப் போயிருந்தால் குறியீட்டு வழியில் 4,25,760, மற்ற வழியில் 3,45,000. குறியீடு எப்போதும் லாபம் என்ற பழைய நம்பிக்கை இங்கே 80,760 ரூபாயை வீணாக்கிவிடும். 2024-25 விற்பனைக்கு எல்லைக்கோடு ஏறத்தாழ 2001 மதிப்பின் எட்டு மடங்கு. அதற்குக் கீழே விற்றால் குறியீடு, மேலே போனால் 12.5%.

வெளிநாட்டில் வசித்து, வரிச் சட்டப்படி உள்நாட்டுவாசி அல்லாத பிள்ளைகள் விற்றால் இந்தத் தெரிவே இல்லை; ஜூலை 23-க்குப் பிந்தைய விற்பனைக்கு 12.5% மட்டும்தான். குறியீட்டால் கணக்கு நஷ்டத்துக்குப் போனால் உள்நாட்டுவாசிக்கு வரி இல்லாமல் போகும். ஆனால் அந்த நஷ்டத்தை வேறு ஆதாயத்தில் கழிக்கவோ அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவோ முடியாது.