வட்டி வந்தும் சேமிப்பு தேய்வது ஏன்? சேமிப்பவரும் கடன் வாங்கியவரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் பணி ஓய்வு பெறுகிற பலர், ஊழியர் சேமநிதிப் பணத்தை மொத்தமாக எடுத்து வங்கியில் நிரந்தர வைப்பில் போட்டுவிட்டு, “முதல் தொகையில் கை வைக்க மாட்டேன், வட்டியை மட்டும் எடுத்துச் செலவழிப்பேன்” என்று சொல்வதுண்டு. பால்மரத்திலும் செம்பனையிலும் முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தை வீணாக்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால், அவர்கள் காப்பாற்றுவது வங்கிப் புத்தகத்தில் உள்ள எண்ணை மட்டுமே. அந்த எண் எவ்வளவு அரிசியையும் மீனையும் மருந்தையும் வாங்கும் என்பது வேறு கணக்கு, அந்தக் கணக்கில் முதல் தொகை ஆண்டுதோறும் குறைந்துகொண்டு வரலாம்.

வங்கி அறிவிப்புப் பலகையில் எழுதியிருப்பது பெயரளவு வட்டி. விலையேற்றத்துக்கு ஈடுகொடுத்த பிறகு கையில் மிஞ்சுவது மெய் வட்டி. இரண்டையும் ஒன்றாக நினைப்பதே முதல் தவறு, மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன.

2022ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அதன் தொடக்கத்தில், வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான பேங்க் நெகாராவின் ஓபிஆர் கொள்கை வட்டி 1.75 விழுக்காடாக இருந்தது. ஒருவர் 50,000 வெள்ளியை ஓராண்டு நிரந்தர வைப்பில் 1.85 விழுக்காட்டுக்குப் போட்டார் என்று வைத்துக்கொண்டால், ஆண்டு முடிவில் அவருக்கு 50,925 வெள்ளி கிடைத்திருக்கும். அந்த ஆண்டில் நாட்டின் சராசரிப் பணவீக்கம் 3.3 விழுக்காடு. ஆண்டுத் தொடக்கத்தில் 50,000 வெள்ளிக்கு வாங்கக்கூடிய பொருள்களை ஆண்டு முடிவில் வாங்க 51,650 வெள்ளி தேவைப்பட்டது. 925 வெள்ளி வட்டி வாங்கியும் அவர் 725 வெள்ளி பின்தங்கினார். இதை விழுக்காட்டில் காண, அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷரின் பெயரால் வழங்கும் சூத்திரம் உதவும்:

மெய் வட்டி = (1 + பெயரளவு வட்டி) ÷ (1 + பணவீக்கம்) − 1

1.0185ஐ 1.033ஆல் வகுத்து ஒன்றைக் கழித்தால் விடை ஏறத்தாழ −1.4 விழுக்காடு. வட்டியிலிருந்து பணவீக்கத்தை நேரடியாகக் கழித்தாலும் −1.45 வரும், ஆகவே வீட்டுக் கணக்குக்கு வெறும் கழித்தலே போதும். பணவீக்கம் 17 விழுக்காட்டைத் தாண்டிய 1974 போன்ற ஆண்டுகளில்தான் அந்தக் குறுக்குவழி கணிசமாகப் பிசகும்.

வட்டி முழுவதையும் வருமானம் என்று எண்ணுவது

எல்லாத் தவறுகளிலும் இதுவே முதியவர்களை அதிகம் பாதிப்பது என்று நான் கருதுகிறேன், ஏனென்றால் அதன் விளைவு தெரியவரும்போது திருத்துவதற்குக் காலம் இருக்காது. வட்டி 3 விழுக்காடு, பணவீக்கம் 2.5 விழுக்காடு என்ற சாதாரணமான ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 50,000 வெள்ளிக்கு 1,500 வெள்ளி வட்டி வருகிறது. அதில் 1,250 வெள்ளி, முதல் இழந்த மதிப்பை ஈடுகட்டவே சரியாகப் போகிறது. உண்மையில் செலவழிக்கத் தக்க வருமானம் 250 வெள்ளி மட்டுமே. 1,500 வெள்ளியையும் எடுத்துச் செலவழிப்பவர், தாம் அறியாமலே முதலிலிருந்து 1,250 வெள்ளியை எடுத்து உண்கிறார்.

இதே நிலை இருபது ஆண்டுகள் நீடித்தால், புத்தகத்தில் 50,000 வெள்ளி அப்படியே இருக்கும், ஆனால் அது இன்றைய 30,500 வெள்ளிக்கு வாங்கும் பொருளைத்தான் வாங்கும். வட்டியின் கதியும் அதுதான்: அன்றைய 1,500 வெள்ளி இன்றைய 915 வெள்ளிக்குச் சமம். அறுபது வயதில் போதுமாக இருந்த வட்டி, மருத்துவச் செலவு கூடுகிற எண்பது வயதில் போதாமல் போவது இதனால்தான்.

முதலைத் தொடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளைகளை எதிர்பார்க்காமல் வாழ விரும்பும் ஒருவர் முதலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிப்பதில் தவறில்லை. எவ்வளவு எடுக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பலகையில் உள்ள எண் குறைந்தால் நட்டம், கூடினால் லாபம் என்று முடிவுகட்டுவது

2020இல் பேங்க் நெகாரா கொள்கை வட்டியை 3 விழுக்காட்டிலிருந்து படிப்படியாக 1.75க்கு இறக்கியபோது, வைப்புத்தொகையை நம்பி வாழ்ந்தவர்கள் மிகவும் வருந்தினார்கள். ஆனால் அந்த ஆண்டில் விலைகள் சராசரியாக ஒரு விழுக்காட்டுக்கும் சற்று அதிகமாக இறங்கின. 2 விழுக்காடு வட்டி பெற்றவருக்கும் மெய் வட்டி 3 விழுக்காட்டுக்கு மேல் கிடைத்தது. 2022 இறுதிக்குள் கொள்கை வட்டி 2.75க்கு ஏறிவிட்டது, பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் ஆண்டுத் தொடக்கத்திலேயே பழைய வட்டிக்குப் பணத்தைப் பூட்டி வைத்தவருக்கு அந்த ஏற்றத்தால் பயனில்லை. விலையேற்றம் மட்டும் அவரையும் விடாமல் தொட்டது. நிரந்தர வைப்பைப் புதுப்பிக்கும் நாளில் சென்ற ஆண்டின் வட்டியோடு ஒப்பிடுவதைவிட, வரும் ஆண்டின் விலைவாசியோடு ஒப்பிடுவதே பொருத்தம்.

நாட்டின் பணவீக்கத்தைத் தன் வீட்டின் பணவீக்கமாகக் கொள்வது

புள்ளியியல் துறை வெளியிடும் எண் நாடு முழுவதற்குமான சராசரி. அந்தக் கணக்கில் உணவுக்கும் பானத்துக்கும் உள்ள பங்கு ஏறத்தாழ 30 விழுக்காடு. தோட்டப் பட்டணத்தில் சொந்த வீட்டில் வாழும் வயதான தம்பதியர் வீட்டு வாடகை கொடுப்பதில்லை, வெளிநாட்டுச் சுற்றுலா போவதில்லை. அவர்களுடைய செலவில் பாதிக்குமேல் சமையலறைக்கே போகும். 2022இல் பொதுப் பணவீக்கம் 3.3 விழுக்காடாக இருந்தபோது உணவு விலை 5.8 விழுக்காடு ஏறியது. செலவில் சரிபாதி உணவுக்குப் போகும் வீட்டுக்கு அதே எண்களைக் கொண்டு கணக்கிட்டால், பணவீக்கம் ஏறத்தாழ 4 விழுக்காடு ஆகிறது. நாம் மேலே கண்ட 1.85 விழுக்காடு வைப்பின் மெய் வட்டி அந்த வீட்டுக்கு −1.4 அன்று, −2.1.

உதவித்தொகை பெறும் பொருள்கள் இந்தக் கணக்கை இன்னும் மறைக்கின்றன. 2.50 வெள்ளி விலையில் நிறுத்தப்பட்ட ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பொட்டலம் கடையில் கிடைக்கும்போது விலை ஏறவில்லை. அது கிடைக்காமல் போத்தல் எண்ணெய் வாங்கும் மாதத்தில் அந்த வீட்டின் விலைவாசி ஏறிவிட்டது. மளிகைக் கடை ரசீதுகளை ஓராண்டு எடுத்து வைத்து, அரிசி, கோழி, முட்டை, எண்ணெய், மருந்து, மின்கட்டணம் என்று வழக்கமாக வாங்கும் பத்துப் பதினைந்து பொருள்களை மட்டும் அடுத்த ஆண்டு விலையோடு ஒப்பிட்டால், தன் வீட்டுப் பணவீக்கம் எவ்வளவு என்று ஓரளவு சரியாகத் தெரிந்துகொள்ளலாம்.

சேமநிதியை அவசரப்பட்டு எடுப்பது

சேமநிதி 2022க்கு 5.35 விழுக்காடு லாப ஈவு அளித்தது. அதே ஆண்டின் பணவீக்கத்தை நீக்கினால் மெய் ஈவு ஏறத்தாழ 2 விழுக்காடு. நிரந்தர வைப்பில் இருந்த பணம் தேய்ந்த அதே ஆண்டில் சேமநிதியில் இருந்த பணம் வளர்ந்தது. 55 வயதானதும் பணத்தை எடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கணக்கில் விட்டுவைத்த தொகைக்கு 100 வயது வரை ஈவு கிடைக்கும், தேவைப்படும்போது தேவையான அளவு எடுத்துக்கொள்ளலாம். இருந்தும், சட்டம் உறுதியளிக்கும் குறைந்தபட்ச ஈவான 2.5 விழுக்காடு பெயரளவு எண்தான் என்பதை மறக்கக்கூடாது. விலைவாசி அதற்கு மேல் ஏறினால் ஈடுகட்டப்படும் என்ற வாக்குறுதி அதில் இல்லை.

“பணவீக்கம் கடனைக் கரைத்துவிடும்” என்று நம்புவது

சேமிப்பவர் இழந்த மதிப்பு எங்கே போகிறது? வங்கி அந்த வைப்புப் பணத்தைத்தான் கடனாகக் கொடுக்கிறது. 2022இன் தொடக்கத்தில் 3 விழுக்காட்டை ஒட்டிய வட்டியில் வீட்டுக்கடன் வைத்திருந்த இளைஞருக்கு, அந்த ஆண்டுப் பணவீக்கத்தைக் கழித்தால் மெய் வட்டி சுழியத்துக்கும் கீழே. பக்கத்துத் தாமானில் அவர் வீடு வாங்க ஓரளவு உதவியது, லயத்தில் வாழ்ந்து ஓய்வு பெற்ற பெரியவரின் வைப்புத்தொகை. இருவரும் ஒப்பந்தம் எதுவும் செய்யவில்லை, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஆனாலும் செல்வம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நகர்ந்தது.

ஆனால் இந்த ஆதாயம் தானாக நிலைத்துவிடுவதில்லை. நம் நாட்டு வீட்டுக்கடன்களில் பெரும்பாலானவை கொள்கை வட்டியோடு சேர்ந்து ஏறி இறங்குபவை. 2022 மே முதல் 2023 மே வரை அது 1.75லிருந்து 3 விழுக்காட்டுக்கு ஏறியது. 150,000 வெள்ளிக் கடன் 25 ஆண்டுக்கு இருந்தால், 3 விழுக்காட்டில் மாதத் தவணை ஏறத்தாழ 711 வெள்ளி, 4.25 விழுக்காட்டில் 813 வெள்ளி. விலைவாசி கொடுத்த ஆதாயத்தை, உயர்ந்த தவணை திருப்பி வாங்கிக்கொண்டது.

கார் கடன் மாறா வட்டி கொண்டதாயிற்றே, அதையாவது பணவீக்கம் கரைக்காதா என்று கேட்கலாம். இங்கே வேறொரு எண் மயக்குகிறது. 35,000 வெள்ளியை 7 ஆண்டுக்கு ‘3 விழுக்காடு’ தட்டை வட்டியில் வாங்கினால், மொத்த வட்டி 7,350 வெள்ளி, மாதத் தவணை ஏறத்தாழ 504 வெள்ளி. கடன் மாதந்தோறும் குறைந்தாலும் வட்டி தொடக்கத் தொகை முழுவதற்கும் கணக்கிடப்படுவதால், குறைந்துவரும் கடனின் மீது அது உண்மையில் 5.6 விழுக்காடு. 3.3 விழுக்காடு பணவீக்கம் இருந்த ஆண்டிலும் கடன் வாங்கியவர் 2.2 விழுக்காடு மெய் வட்டி கட்டினார். 3ஐயும் 3.3ஐயும் ஒப்பிட்டுக் கடன் இலவசம் என்று முடிவு செய்தவர் தவறான எண்ணை எடுத்துக்கொண்டார்.

கடனாளிக்கு உண்மையான உதவி, சம்பளம் ஏறும்போதுதான் கிடைக்கும். குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 2025 பிப்ரவரியில் 1,700 ஆனபோது, அந்த 504 வெள்ளித் தவணை சம்பளத்தில் ஏறத்தாழ 34 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காட்டுக்கு இறங்கியது. விலை ஏறிச் சம்பளம் ஏறாத வீட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு: தவணை மாறாது, சமையலறைச் செலவு கூடும், தவணைக்கு ஒதுக்கக்கூடிய மிச்சம் குறையும். ஆகையால் கடன் வாங்குமுன் கேட்க வேண்டியவை மூன்று: வட்டி மாறுமா மாறாதா, குறைந்துவரும் கடனின் மீது வட்டி உண்மையில் எவ்வளவு, தவணைக் காலத்தில் என் சம்பளம் விலைவாசியோடு சேர்ந்து ஏறும் என்பதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது. அத்துடன், எல்லோரும் எதிர்பார்க்கிற பணவீக்கத்தை வங்கி முன்கூட்டியே வட்டியில் சேர்த்துவிடுகிறது. எதிர்பார்த்ததை மிஞ்சி வருகிற பகுதிதான் கடனாளிக்கு ஆதாயமாகிறது. அது வரும் என்று கணக்கிட்டு யாரும் கடன் அளவைக் கூட்டக்கூடாது.