22 காரட்டா, 18 காரட்டா? அன்றாட நகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் வேறு வேறு ஆட்கள். தவறுகள் மட்டும் பழையவை. நாங்கள் தொழில் கற்றபோது திட்டு வாங்கிய அதே இடங்களில்தான் இவர்களும் வாங்குகிறார்கள். 916 என்றால் 22 காரட், 750 என்றால் 18 காரட் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைத் தாண்டிய சிலவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது

மஞ்சள் அடர்ந்திருந்தால் 22, வெளிறியிருந்தால் 18 என்று முடிவுகட்டுவது ஆபத்து. 22 காரட்டில் ஏறக்குறைய 8.3 சதவீதமும், 18 காரட்டில் 25 சதவீதமும் வேறு உலோகங்கள் கலந்திருக்கும். அந்தக் கலவையில் செம்பு கூடினால் சிவப்பேறும், வெள்ளி கூடினால் பச்சை படிந்த வெளிர்மஞ்சள் வரும். செம்பு மட்டும் கலந்த 22 காரட் வளையல் சிவந்திருப்பதைப் பார்த்து, தரம் குறைவு என்று ஒதுக்கியவர்கள் உண்டு.

மேற்பரப்பும் ஏமாற்றும். சூடாக்கிய நகையை அமிலத்தில் போட்டு எடுக்கும்போது மேலே இருக்கும் செம்பு கரைந்துபோய், தங்கம் செறிந்த மெல்லிய தோல் ஒன்று எஞ்சுகிறது. முலாம் பூசினாலும் இதே கதைதான். அந்தத் தோலை அப்படியே உரைகல்லில் தேய்த்தால் 18 காரட் நகைகூட மேம்பட்டதாகத் தெரியும். வெளியே தெரியாத ஓர் இடத்தில் அரத்தால் லேசாக ஒரு கீறு போட்டு, உள்ளே இருப்பதைத்தான் உரைக்க வேண்டும். தரம் தெரிந்த தங்க ஊசியைப் பக்கத்திலேயே உரைத்து, இரண்டு கோடுகளின் மேலும் ஒரே அமிலத்தை வைத்து, எது முதலில் மங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒற்றைக் கோட்டை வைத்துச் சொல்வதெல்லாம் ஊகம்.

காந்தம்

18 காரட் தங்கமும் காந்தத்தில் ஒட்டாது. காந்தத்தை எடுத்து ஓரமாக வையுங்கள்.

தண்ணீரில் எடை போடும்போது அவசரப்படுவது

கல் இல்லாத, உள்ளே குழிவில்லாத நகைக்கு இது நல்ல சோதனை. 8 கிராம் மோதிரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்த்தால், 22 காரட்டாக இருந்தால் சுமார் 0.45 கிராம் குறையும். மஞ்சள் நிற 18 காரட்டாக இருந்தால் சுமார் 0.52 கிராம் குறையும். வித்தியாசம் 0.07 கிராம்தான். பத்தில் ஒரு பங்கு கிராம் வரை மட்டுமே காட்டும் தராசில் இது தெரியவே தெரியாது. நூறில் ஒரு பங்கு காட்டும் தராசு வேண்டும். மோதிரத்தின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஒரு காற்றுக் குமிழி போதும், கணக்கு தலைகீழாகிவிடும். குமிழி இருந்தால் நகை தண்ணீரில் லேசாகத் தெரியும். உடனே 22 காரட்டை 18 என்று சொல்லிவிடுவார்கள். நனைத்து, தட்டி, துடைத்து, மறுபடியும் நனைத்த பிறகு எடை பாருங்கள்.

தினமும் போடும் கல் மோதிரத்தை 22 காரட்டில் செய்வது

எனக்கு இன்றுவரை எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான். செலவும் இதில்தான் அதிகம்.

ஒருமுறை ஓர் அம்மா தன் மோதிரத்தைக் கொண்டுவந்தார். கல் இருந்த இடம் காலி. பாத்திரம் கழுவி முடித்துக் கையைத் துடைக்கும்போதுதான் கவனித்தாராம். கொக்கிகள் நான்கில் ஒன்று வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது, இன்னொன்றின் முனை காகிதம் போலத் தேய்ந்திருந்தது. "நல்ல தங்கம் என்று 22 காரட்டில்தானே செய்யச் சொன்னேன்" என்றார். தங்கம் நல்லதுதான், வேலைக்குத்தான் பொருந்தவில்லை. தொலைந்த கல்லின் விலைக்கு அப்படி இரண்டு மோதிரங்கள் செய்திருக்கலாம்.

கல்லைப் பிடிக்கும் கொக்கி மெல்லிய கம்பி. துணியில், தலைமுடியில், பையின் ஓரத்தில் அது மாட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வளையும். 22 காரட் மென்மையானது. வளைந்த இடத்திலேயே நின்றுவிடும். 18 காரட்டின் கலவையில் செம்பும் வெள்ளியும் கூடுதலாக இருப்பதால் அதே தடிமனில் அது நன்றாக எதிர்த்து நிற்கும், தேய்வதும் மெதுவாகவே.

இதைச் சொன்னால் புதியவர்கள் வாதாடுவார்கள். "கம்பி இழுத்தபோது விறைப்பாகத்தானே இருந்தது அண்ணா" என்று ஒரு பையன் கேட்டான். அவன் பார்த்தது பொய்யில்லை. அச்சில் இழுக்க இழுக்க 22 காரட்டும் இறுகும். ஆனால் கொக்கியை மோதிரத்தில் பற்றவைக்க நெருப்புக் காட்டியதும் அந்த இறுக்கம் முழுவதும் போய்விடுகிறது. வாடிக்கையாளர் விரலில் ஏறுவது இழுத்த கம்பி அல்ல, நெருப்பில் இளகிய கம்பி. பற்றவைத்த பிறகு ஒரு கொக்கியை நகத்தால் தள்ளிப் பார் என்றேன். தள்ளினான், சாய்ந்தது. அதற்குப் பிறகு பேச்சில்லை.

ஏற்கெனவே 22 காரட்டில் கல் மோதிரம் இருந்தால், காதருகே வைத்து விரலால் தட்டிப் பாருங்கள். மெல்லிய கிலுகிலுப்பு கேட்டால் கல் ஆடுகிறது என்று பொருள். ஒரு பஞ்சை மேலே தேய்த்தால், நூலிழை மாட்டும் இடத்தில் கொக்கி எழும்பியிருக்கிறது. கேட்டாலோ மாட்டினாலோ அன்றே கழற்றிவிடுங்கள். சாய்ந்த கொக்கியை நிமிர்த்தலாம். முனை தேய்ந்ததை நிமிர்த்திப் பயனில்லை, புதிதாகக் கட்ட வேண்டும்.

வளையம் 22 காரட்டாகவே வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு, கல் உட்காரும் தலைப்பகுதியை மட்டும் 18 காரட்டில் செய்து பற்றவைத்துக் கொடுப்பதுண்டு. அப்படிச் செய்தால் இரண்டு பகுதிகளின் எடையையும் தரத்தையும் ரசீதில் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் விற்கும் நாளில் மொத்தத்தையும் 18 என்றுதான் கணக்குப் போடுவார்கள்.

18 காரட்டை எடைக்கு எடை ஒப்பிடுவது

ஒரே அச்சில் ஊற்றிய மோதிரம் 22 காரட்டில் 8 கிராம் என்றால், 18 காரட்டில் ஏறக்குறைய 7 கிராம்தான் வரும். முதலாவதில் இருக்கும் தங்கம் 7.33 கிராம், இரண்டாவதில் சுமார் 5.25 கிராம். தங்கமாகச் சேமிப்பதுதான் நோக்கம் என்றால் 18 காரட் கல் மோதிரம் அதற்கான பொருளே அல்ல. கல் பதிக்காத தடித்த வளையலோ வளையமோ 22 காரட்டில் வாங்குங்கள். அவை தினமும் போட்டாலும் தாங்கும். தடிமன் அங்கே மென்மையை ஈடுகட்டிவிடும்.

மெல்லிய சங்கிலி அப்படித் தாங்காது. ஒரு வளையம் இன்னொன்றில் தொங்கும் உள்வளைவில்தான் தேய்மானம் இருக்கும், வெளியிலிருந்து தெரியாது. இரண்டு வளையங்களைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, உள்வளைவின் தடிமனைப் பக்கவாட்டின் தடிமனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிக்குக் கீழே போயிருந்தால் அறுந்துவிழும் வரை காத்திருக்க வேண்டாம்.

வெள்ளைத் தங்கம்

தோல் அரித்தால் நிக்கல் கலந்ததா என்று கேளுங்கள். பல்லேடியம் கலந்தும் செய்கிறார்கள்.

இரண்டையும் ஒரே விரலில் போடுவது

22 காரட் வளையத்தை ஒட்டி 18 காரட் கல் மோதிரத்தைப் போட்டால், கடினமானது மென்மையானதை அரைக்கும். 22 காரட்டின் விளிம்பில் முதலில் பளபளப்பான பட்டை விழும், பிறகு அது பள்ளமாகும். இரண்டும் வேண்டும் என்றால் இரண்டு கைகளிலும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள்.