மூன்று நொடியில் நிறுத்தி, நான்காவது நொடியில் விரட்டாதீர்கள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் சின்னக் கடைகளுக்கு ரீல்ஸ் விளம்பரம் எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். எடிட் முடிந்ததும் "அண்ணா, ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க" என்று எனக்கு அனுப்புவார்கள். பார்த்தால், நான் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே பிழைகள் வரிசையாக வருகின்றன. போனைப் படுக்கவைத்து எடுப்பது, லோகோவில் தொடங்குவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை தவறு என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் சறுக்குகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பொருளுக்குச் சம்பந்தமில்லாத ஹூக்

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கடைக்காரர் காசை அதிகம் தின்பதும் இதுதான்.

முதல் மூன்று நொடியில் ஆளை நிறுத்த வேண்டும், அதுதான் ஹூக் என்று எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அதனால் எதைக் காட்டியாவது நிறுத்தப் பார்க்கிறார்கள். பைக்கிலிருந்து ஒருவர் விழுகிறார், யாரோ யாரையோ அறைகிறார், கண்ணாடி உடைகிறது. நான்காவது நொடியில் திடீரென்று மசாலாத்தூள் வருகிறது.

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி வியாபாரி. வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி வீட்டுக்கே அனுப்புகிறவர். அவருக்கு ஒரு தம்பி 20 நொடி விளம்பரம் எடுத்துக் கொடுத்திருந்தான். முதல் காட்சியில் மனைவி தட்டைத் தூக்கி எறிந்து, "நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்!" என்று கத்துகிறாள். அடுத்த ஷாட் முந்திரி பாக்கெட், பின்னால் "எங்களிடம் தரமான முந்திரி கிடைக்கும்" என்ற குரல். வியாபாரி என்னிடம் கேட்டார்: "பாக்குறவங்க நிறையப் பேர்னு காட்டுது தம்பி, ஆனா ஒருத்தர்கூட விலை கேக்கலையே, ஏன்?"

இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் `Ads Manager` பக்கத்தைத் திறந்து பார்த்தோம். `3-second video plays` எண்ணை `Impressions` எண்ணால் வகுத்தால், காட்டியதில் எவ்வளவு பங்கு மூன்று நொடி பார்க்கப்பட்டது என்பது தெரியும். அது நன்றாகவே இருந்தது. எடுத்த தம்பி அதை மட்டும் பார்த்து விளம்பரம் ஜெயித்துவிட்டது என்று நினைத்திருக்கிறான். அதற்கு அடுத்து `Video plays at 25%` என்று ஒரு எண் இருக்கிறது. 20 நொடி வீடியோவில் 25 சதவீதம் என்றால் ஐந்தாவது நொடி. அங்கே எண் படுத்துவிட்டது. மூன்றாம் நொடியில் இருந்த கூட்டம் ஐந்தாம் நொடியில் இல்லை.

காரணம் எளிது. நின்றவர்கள் சண்டை எப்படி முடிகிறது என்று பார்க்க நின்றவர்கள். முந்திரி வந்ததும் ஏமாந்துபோய்த் தள்ளிவிட்டார்கள். இன்னொரு சேதாரமும் உண்டு. வாட்ஸ்அப் உரையாடல் வேண்டும் என்று விளம்பரத்தை அமைத்தால், யார் பேச வருகிறார்களோ அவர்களைப் போன்றவர்களைத் தேடித்தான் மெட்டா அடுத்தடுத்துக் காட்டும். ஒரு வாரத்தில் சுமார் 50 உரையாடல்கள் கிடைத்தால்தான் அந்தத் தேடல் நிலைப்படும். யாருமே பேச வரவில்லை என்றால் அது இருட்டில் துழாவிக்கொண்டே இருக்கும், காசு மட்டும் போய்க்கொண்டிருக்கும். வீடியோ பார்வைகள் வேண்டும் என்று அமைத்திருந்தால் இன்னும் மோசம்: விளம்பரங்களைச் சும்மா பார்க்கிறவர்களைத் தேடித் தேடிக் காட்டும்.

சரி, மாற்றி எடுப்போம் என்று அவர் கிடங்குக்குப் போனோம். பெட்டிகளில் W180, W240, W320 என்று எழுதியிருந்தது. "இந்த எண் என்னன்னு வாடிக்கையாளருங்க கேப்பாங்களா?" என்றேன். "தினமும் கேப்பாங்க" என்றார். ஹூக் அங்கேயே கிடைத்துவிட்டது. W என்பது உடையாத வெள்ளைப் பருப்பு. எண், ஒரு பவுண்டில், அதாவது சுமார் 454 கிராமில், எத்தனை பருப்பு நிற்கும் என்பது. ஆகவே எண் குறையக் குறையப் பருப்பு பெரிது.

புது விளம்பரமும் 20 நொடிதான். முதல் ஃபிரேமிலேயே உள்ளங்கையில் இரண்டு முந்திரி, ஒன்று பெரிது, ஒன்று சிறிது; கை ரேகை தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில். மேலே "பாக்கெட்டில் 320 என்றால் என்ன?" என்ற எழுத்து. குரல்: "இந்த 320 கிராமும் இல்ல, விலையும் இல்ல." மூன்று நொடிக்கு ஆறேழு சொல்தான் தாங்கும், அதற்கு மேல் போனால் அவசரமாக ஒப்பிப்பது போலாகிவிடும். நான்காவது நொடியில் அதே கை முந்திரியைத் தராசில் கொட்டுகிறது, பதிலும் அங்கேயே தொடங்குகிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு நொடி வரை மூன்று ரகமும் பக்கத்தில் பக்கத்தில்: பாயசத்துக்கு 320 போதும், யாருக்காவது கொடுக்க வேண்டுமென்றால் 180. பிறகு பாக்கெட் சீல் ஆவது, விலை. கடைசி மூன்று நொடி: "உங்களுக்கு எந்த எண் வேணும்? வாட்ஸ்அப்ல அனுப்புங்க."

மூன்று நொடி நின்றவர்கள் சண்டை வீடியோவை விடக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் நின்றவர்களில் பெரும்பாலோர் ஐந்தாவது நொடியிலும் இருந்தார்கள். "240 ஒரு கிலோ என்ன விலை?" என்றே வாட்ஸ்அப்பில் பேச்சைத் தொடங்கினார்கள்.

ஹூக் சரியா என்று பார்க்க நான் செய்வது ஒன்றுதான். முதல் மூன்று நொடியை மட்டும் தனியாக வெட்டி, தொழிலுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் காட்டி, எதைப் பற்றிய வீடியோ என்று கேட்பேன். "ஏதோ குடும்பச் சண்டை" என்று பதில் வந்தால், எவ்வளவு நன்றாக நடித்திருந்தாலும் அந்த ஷாட் போய்விட வேண்டும்.

ட்ரோனில் கடற்கரைச் சாலை

புதுச்சேரிக் கடை என்றாலே காந்தி சிலைக்கு மேலே பறந்து, ஒயிட் டவுன் மஞ்சள் சுவரில் இறங்குகிறார்கள். வெளியூர்க்காரருக்கு அது சுற்றுலா வீடியோ. உள்ளூர்க்காரருக்குத் தினமும் பார்க்கிற தெரு. கடை எங்கே இருக்கிறது என்று சொல்லும் இடத்தில் அந்த ஷாட்டை வையுங்கள், தொடக்கத்தில் வேண்டாம்.

எழுத்தைக் கீழே வைப்பது

டிவி பார்த்த பழக்கத்தில் எழுத்தைக் கீழே வைக்கிறார்கள். ரீல்ஸில் கணக்குப் பெயர், விவரம், பட்டன் எல்லாம் அங்கேதான் வந்து உட்காரும். 1080க்கு 1920 ஃபிரேமில் மேலே 14 சதவீதம், கீழே 35 சதவீதம், பக்கங்களில் 6 சதவீதம் காலியாக விடச் சொல்கிறது மெட்டா. அதாவது மேலே சுமார் 270 பிக்சல், கீழே சுமார் 670. ஹூக் எழுத்து இவற்றுக்கு நடுவில் இருக்க வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொல்லோடு நிறுத்துங்கள். வரிகளை நெருக்கி வைத்தால் மேல்வரியின் உகரக் குறி கீழ்வரியின் புள்ளியோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம், சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு முறை பாருங்கள். அப்போதும் ஹூக் புரிய வேண்டும்.

பேசும் முன் இழுக்கும் மூச்சு

வெட்டுங்கள்.

கறுப்பிலிருந்து மெல்ல விரிவது

அரை நொடி போய்விடும். வேண்டாம்.

ஒரே ஒரு ஹூக்கோடு வீடு திரும்புவது

கேமராவும் வெளிச்சமும் வைத்த பிறகு இன்னும் இரண்டு தொடக்கம் எடுக்க அதிக நேரம் ஆகாது. முந்திரிக்கு உள்ளங்கை ஷாட்டோடு, பெட்டியில் எழுதிய எண்ணைக் கிட்டத்தில் ஒன்று, வியாபாரியே கேமராவைப் பார்த்துக் கேட்பது ஒன்று என்று எடுத்தோம். மீதி 17 நொடியைத் தொடவில்லை. அதையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். மூன்றையும் சமமான தொகையில் ஓடவிட்டு, ஐந்தாவது நொடி எண்ணையும் ஓர் உரையாடலுக்கு ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சரிந்தால் அந்த ஹூக்கை எடுத்துவிடலாம். மூன்றுமே ஐந்தாவது நொடியில் ஒரே மாதிரி சரிந்தால் நான்காவது நொடியில் வரும் ஷாட்டை மாற்றி எடுங்கள்.