ஆறாண்டு வாட்ஸ்அப் உரையாடலை மாடலிடம் கொடுப்பது: முழுவதுமாகவா, தேடி எடுத்தா?

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள எங்கள் கோயில் குழுவின் வாட்ஸ்அப் உரையாடல் ஆறு ஆண்டுகளுக்கு நீள்கிறது. காவடித் திருவிழாவுக்கு யார் எதைச் செய்வது, எவ்வளவு வாங்குவது என்ற முடிவுகள் எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. அதை ஒரு மொழி மாடலிடம் கொடுத்துக் கேள்வி கேட்க இரண்டு வழிகள் உண்டு. முழுக் கோப்பையும் மாடலின் நீண்ட சூழல் சாளரத்தில், அதாவது அது ஒரே தடவையில் படிக்கக்கூடிய இடத்தில், வைக்கலாம். அல்லது கேள்விக்குப் பொருந்தும் துண்டுகளை மட்டும் தேடி எடுத்து வைக்கலாம். இரண்டையும் ஒரே கேள்விகளால் சோதித்துப் பார்க்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

படி 1: அளவை எண்ணுங்கள்

வாட்ஸ்அப்பில் உரையாடலை ஏற்றுமதி செய்தால் ஓர் எழுத்துக் கோப்பு கிடைக்கும். அதில் எத்தனை டோக்கன், அதாவது மாடல் உரையைப் பிரித்துப் படிக்கும் சிறு கூறுகள், என்று பாருங்கள்.

```python
import tiktoken
enc = tiktoken.get_encoding("o200k_base")
text = open("chat.txt", encoding="utf-8").read()
print(len(enc.encode(text)))
```

மாடலுக்கு மாடல் டோக்கன் பிரிப்பு மாறும் என்பதால், இதைத் தோராயமாகவே கொள்ளுங்கள். எங்கள் 31,000 செய்திகள் 9.4 லட்சம் டோக்கன் ஆயின. 10 லட்சம் டோக்கன் சாளரத்தில் அது அடங்கும், ஆனால் பதிலுக்கு இடம் குறைவு. ஒவ்வொரு வரியிலும் தேதியும் நொடி வரையிலான நேரமும் திரும்பத் திரும்ப வருவதே இந்தப் பெருக்கத்துக்குக் காரணம். தேதியை நாளுக்கு ஒருமுறை தலைப்பாக எழுதி, நொடியை நீக்கியதும் 6.2 லட்சமாகக் குறைந்தது.

படி 2: விடை தெரிந்த கேள்விகளை எழுதுங்கள்

மாடலைத் தொடுவதற்கு முன்பே இருபது கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் விடை எந்தச் செய்தியில் இருக்கிறது என்று தேதியுடன் குறித்துக்கொள்ளுங்கள். விடைகள் கோப்பின் தொடக்கம், நடு, இறுதி என்று பரவியிருக்க வேண்டும். நீண்ட உரையின் நடுவில் உள்ளதை மாடல்கள் தவறவிடக்கூடும் என்பது அறியப்பட்ட குறை.

படி 3: முழுக் கோப்பையும் கொடுங்கள்

உரையாடலை முதலிலும் கேள்வியை அதற்குப் பின்னும் வையுங்கள். விடையுடன் செய்தியின் தேதியையும் சொற்களையும் அப்படியே எடுத்துக் காட்டும்படி கேளுங்கள். அந்தச் சொற்களைக் கோப்பில் தேடினால், மாடல் கற்பனை செய்ததா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும்.

படி 4: துண்டுகளாக்கித் தேடுங்கள்

உரையாடலைச் சம நீளத்தில் வெட்டாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அமைதி நிலவிய இடத்தில் வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் தேதியையும் பேசியவர் பெயரையும் வைத்துக்கொள்ளுங்கள். பொருளால் தேடும் எம்பெடிங்கையும் சொல்லால் தேடும் `BM25` முறையையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். எங்கள் குழுவில் ஒரே காவடியை `kavady`, `kavadi`, `cavadee` என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். சொல் தேடலை மட்டும் நம்பினால் பாதி விட்டுப்போகும்.

படி 5: எங்கே தவறியது என்று பாருங்கள்

எனக்கு மிகவும் பயன்பட்டது இந்தப் படிதான். அன்னதானத்துக்கு எத்தனை கிலோ அரிசி என்று கடைசியாக முடிவானது என்பது என் கேள்விகளில் ஒன்று. 2022-இல் ஒருவர் “80 கிலோ அரிசி” என்று தெளிவாக எழுதியிருந்தார். 2023 ஜனவரியில், போன தடவை மிஞ்சிவிட்டதே, 60 போதுமா என்று ஒரு அக்கா கேட்டார். நான்கு மணி நேரம் கழித்துச் செயலாளர் “சரி” என்று மட்டும் பதில் போட்டார். தேடல் முறை 80 என்றது. முழுக் கோப்பைப் படித்த மாடல் 60 என்று சரியாகச் சொன்னது.

மாடல் தவறியதா, தேடல் தவறியதா என்று அறிய, தேடல் எடுத்துக் கொடுத்த பத்துத் துண்டுகளை நானே படித்தேன். அக்காவின் கேள்வியில் ‘அரிசி’ என்ற சொல்லே இல்லாததால் அந்தத் துண்டு வரவில்லை. “சரி” என்பதோ வேறொரு துண்டாகத் தனியே நின்றது. எந்தச் செய்திக்கு இந்தப் பதில் என்ற இணைப்பும் ஏற்றுமதிக் கோப்பில் வருவதில்லை. ஆகவே வெட்டும் இடைவெளியை ஆறு மணி நேரமாக்கி, கிடைத்த ஒவ்வொரு துண்டுக்கும் முன்னும் பின்னும் உள்ள துண்டுகளைச் சேர்த்து, எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கினேன். அரிசி மிஞ்சியது பற்றிய பேச்சு அக்காவின் கேள்விக்கு முந்திய துண்டில் இருந்ததால், இம்முறை விடை 60 என்று வந்தது.

பந்தல்காரர் தாமதமாக வந்த எல்லாத் தடவைகளையும் பட்டியலிடச் சொன்னபோது இரண்டுமே குறைபட்டன. உண்மையில் ஏழு தடவை. முழுக் கோப்பு ஐந்தையும், தேடல் மூன்றையும் கண்டுபிடித்தன. இப்படிப்பட்ட கேள்விக்குக் கோப்பை ஆண்டுவாரியாகப் பிரித்து, ஒவ்வோர் ஆண்டையும் தனியே கேட்பதே நல்லது.

செலவையும் பாருங்கள். முழுக் கோப்பு முறையில் ஒவ்வொரு கேள்விக்கும் 6.2 லட்சம் டோக்கன் போகிறது; தேடலில் சில ஆயிரம் போதும். ஆகவே அன்றாடக் கேள்விகளுக்குத் தேடலை வைத்துக்கொண்டு, ஒரு முடிவு பின்னர் மாறியிருக்குமோ என்ற ஐயம் எழும் கேள்விகளுக்கு மட்டும் முழுக் கோப்பைக் கொடுக்கிறேன்.