அமிலமும் தீர்ந்தது, காரமும் தீர்ந்தது. பிறகு ஏன் சிவக்கிறது? உப்புக் கரைசலின் pH கணக்கு

கூம்புக் குடுவையில் 20 மில்லி 0.1 M அசிட்டிக் அமிலம், அதில் இரண்டு சொட்டு பினாப்தலீன். மேலே பியூரெட்டில் 0.1 M சோடியம் ஹைட்ராக்சைடு. சரியாக 20 மில்லி இறங்கும் இடத்தில் கரைசல் வெளிர் இளஞ்சிவப்பாகிறது.

இங்கே கொஞ்சம் நின்று யோசித்தால் ஒன்று இடிக்கும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டன. குடுவையில் மிச்சம் சோடியம் அசிட்டேட் என்ற உப்பும் தண்ணீரும்தான். அப்படியென்றால் pH 7 இருக்க வேண்டுமே? ஆனால் பினாப்தலீனுக்கு 7-ல் நிறமே கிடையாது. 8.2-ஐத் தாண்டினால்தான் அது சிவக்கத் தொடங்கும். அப்போது குடுவைக்குள் ஹைட்ராக்சைடு எங்கிருந்து வந்தது? அந்தக் கணக்கைத்தான் இப்போது படிப்படியாகப் போடப்போகிறோம்.

படி 1: உப்பைப் பிரித்து, யார் சும்மா இருக்கிறார் என்று பார்ப்பது

சோடியம் அசிட்டேட் தண்ணீரில் முழுக்க அயனியாகப் பிரிந்துவிடும்.

CH₃COONa → CH₃COO⁻ + Na⁺

Na⁺ வலிமையான காரத்திலிருந்து வந்தது. அதற்குத் தண்ணீரோடு எந்த வேலையும் இல்லை. அசிட்டேட் அப்படியல்ல. அது வலிமை குறைந்த ஓர் அமிலத்தின் மிச்சம். அசிட்டிக் அமிலம் தன் H⁺-ஐ எளிதில் விடாது. எளிதில் விடாத ஒன்று, பறிகொடுத்த பிறகு திரும்பப் பிடிக்கவும் பார்க்கும், இல்லையா? பக்கத்தில் அமிலம் எதுவும் இல்லாததால் தண்ணீரிடமே கை நீட்டுகிறது.

CH₃COO⁻ + H₂O ⇌ CH₃COOH + OH⁻

இதுதான் நீராற்பகுப்பு. OH⁻ வெளியிலிருந்து வரவில்லை, தண்ணீரே கொடுத்தது. இந்தச் சமன்பாட்டை எழுதாமல் நேராகச் சூத்திரத்துக்குப் போகிறவர்கள்தான் பிறகு OH⁻ கணக்கை H⁺ என்று எடுத்துக்கொண்டு தடுமாறுவார்கள். ஒரு வரிதான், எழுதிவிடுங்கள்.

படி 2: எந்த மாறிலி?

புத்தகத்தில் அசிட்டிக் அமிலத்துக்கு Ka = 1.8 × 10⁻⁵ என்று இருக்கும். ஆனால் நமக்கு வேண்டியது அமிலத்தின் மாறிலி இல்லை; மேலே எழுதிய வினையில் அசிட்டேட் காரமாக நடந்துகொள்கிறது. ஆகவே அதன் Kb வேண்டும். 25°C-ல் இரண்டுக்கும் உள்ள உறவு:

Ka × Kb = Kw = 1.0 × 10⁻¹⁴

Kb = 1.0 × 10⁻¹⁴ / 1.8 × 10⁻⁵ = 5.56 × 10⁻¹⁰

எண் எவ்வளவு சிறியது பாருங்கள். அசிட்டேட் தண்ணீரோடு வினைபுரிகிறது என்றாலும் மிகக் கொஞ்சமாகத்தான். எவ்வளவு கொஞ்சம் என்பது அடுத்த படியில் தெரிந்துவிடும்.

படி 3: செறிவு

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்குவார்கள். அமிலம் 0.1 M, காரம் 0.1 M, ஆகவே உப்பும் 0.1 M என்று போட்டுவிடுவார்கள். குடுவையில் இப்போது 20 மில்லி இல்லை. காரமும் சேர்ந்து 40 மில்லி ஆகிவிட்டது. அமிலத்தில் இருந்த 2 மில்லிமோல்தான் 2 மில்லிமோல் அசிட்டேட்டாக மாறியிருக்கிறது. 2-ஐ 40-ஆல் வகுத்தால் 0.05 M.

படி 4: கணக்கு

நீராற்பகுப்பில் x அளவு OH⁻ வந்தால், அதே x அளவு CH₃COOH-உம் வந்திருக்கும். அசிட்டேட் 0.05 − x ஆகக் குறைந்திருக்கும்.

Kb = x² / (0.05 − x)

x மிகச் சிறியது என்று நம்பி, கீழே உள்ள x-ஐ விட்டுவிடுவோம்.

x² = 5.56 × 10⁻¹⁰ × 0.05 = 2.78 × 10⁻¹¹

மடக்கை அட்டவணை வைத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வர்க்கமூலம் எடுக்கும் முன் அடுக்கை இரட்டைப்படை ஆக்கிக்கொள்ளுங்கள். 27.8 × 10⁻¹² என்று எழுதினால் x = 5.27 × 10⁻⁶ என்று சட்டென வந்துவிடும்.

இந்த x நமக்கு [OH⁻]. ஆகவே முதலில் கிடைப்பது pOH.

pOH = 6 − log 5.27 = 6 − 0.72 = 5.28

pH = 14 − 5.28 = 8.72

சரி, x-ஐ விட்டது நியாயமா? 0.05-ல் 5.27 × 10⁻⁶ என்பது சுமார் 0.01 சதவீதம். அதாவது ஏறத்தாழ 9,500 அசிட்டேட் அயனிகளில் ஒன்றே ஒன்று தண்ணீரிடமிருந்து H⁺ வாங்கியிருக்கிறது. அந்த ஒன்றே குடுவையைச் சிவக்க வைக்கப் போதுமானது. விடை 8.72, பினாப்தலீன் நிறம் மாறும் எல்லைக்குள் (8.2 முதல் 10 வரை) சரியாக விழுகிறது.

இதே தரம்பார்த்தலை மெத்தில் ஆரஞ்சு போட்டுச் செய்தால் என்ன ஆகும்? அது 3.1-க்கும் 4.4-க்கும் இடையில் நிறம் மாறும். குடுவையில் pH 4.4-ஐ எட்டும்போது அமிலத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தீர்ந்திருக்காது. பியூரெட்டில் 6 மில்லி சொச்சம் இறங்கியதுமே சிவப்பு முழுக்கப் போய் மஞ்சள் ஆகிவிடும், அதுவும் பட்டென்று இல்லாமல் மெல்ல மெல்ல. நிறம் இழுத்துக்கொண்டே போகிறது என்றால் நிறங்காட்டி தப்பு என்று அர்த்தம்.

செறிவை மாற்றினால்

இப்போது தரம்பார்த்தலை விட்டுவிட்டு, பாட்டிலில் இருக்கும் உப்பையே எடுத்துக் கரைப்போம். 0.1 M கரைசலுக்கு இதே கணக்கைப் போட்டால் pH 8.87 வரும். செறிவு இரட்டிப்பாகியும் 0.15 தான் ஏறியிருக்கிறது. x என்பது செறிவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், செறிவு பத்து மடங்கு மாறினாலும் pH அரை அலகுதான் நகரும்.

இதில் ஒரு வசதி உண்டு, ஓர் ஆபத்தும் உண்டு. நான் ஒருமுறை மாட்டிக்கொண்டது இப்படி. ஒரு லிட்டர் 0.1 M கரைசலுக்கு 8.2 கிராம் எடை போட்டேன். நீரற்ற உப்புக்கு அது சரியான எடை, அதன் மூலக்கூறு எடை 82. ஆனால் பாட்டிலில் இருந்தது மூன்று நீர் மூலக்கூறு சேர்ந்த படிகம், மூலக்கூறு எடை 136. நான் போட்டிருக்க வேண்டியது 13.6 கிராம். செய்தது 0.06 M கரைசல். அதற்கு pH 8.76 தான் வரும், எனவே மீட்டர் காட்டிய எண்ணைப் பார்த்து எனக்குச் சந்தேகமே வரவில்லை. அடுத்த சோதனை முழுக்கக் கோணலான பிறகுதான் லேபிளைத் திரும்பப் படித்தேன். இந்த மாதிரி உப்பில் pH-ஐ வைத்துச் செறிவைச் சரிபார்க்க முடியாது.

ரொம்ப நீர்த்துவிட்டால் சூத்திரமே கவிழும். 10⁻⁶ M சோடியம் அசிட்டேட்டுக்கு மேலே சொன்னபடி போட்டுப் பாருங்கள். [OH⁻] = 2.4 × 10⁻⁸, pH 6.37 என்று வரும். காரத்தன்மை தரும் உப்பைப் போட்டுத் தண்ணீர் அமிலமாகிவிட்டதாம்! தண்ணீர் தானாகவே தரும் 10⁻⁷ M OH⁻-ஐ நாம் கணக்கில் சேர்க்கவில்லை என்பதுதான் காரணம். அதையும் சேர்த்தால்,

[OH⁻]² = Kb × C + Kw

என்று ஆகும், pH 7.01 கிடைக்கும். Kb × C என்பது Kw-ஐவிட நூறு மடங்காவது பெரியதாக இருந்தால் எளிய சூத்திரமே போதும். நம் குடுவையில் அது இரண்டாயிரம் மடங்குக்கும் மேல்.

மீட்டர் 8.87 காட்டாதபோது

0.1 M கரைசலைக் கவனமாகத்தான் செய்தீர்கள், மீட்டரையும் சரிபார்த்துவிட்டீர்கள். ஆனாலும் 8.5 பக்கத்தில்தான் நிற்கிறது. பெரும்பாலும் குற்றவாளி தண்ணீர். திறந்து வைத்த வாலை வடிநீர் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி pH 5.6 வரை இறங்கியிருக்கும். அதில் கரைந்திருப்பது சுமார் 1.4 × 10⁻⁵ M. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் நீராற்பகுப்பு தரும் OH⁻ வெறும் 7.5 × 10⁻⁶ M தானே? கார்பன் டை ஆக்சைடு OH⁻-ஐப் பிடித்து பைகார்பனேட் ஆகிறது, போன OH⁻-ஐ ஈடுகட்ட அசிட்டேட் இன்னும் கொஞ்சம் வினைபுரிகிறது, இறுதியில் 8.5 வாக்கில் வந்து நிற்கிறது. தண்ணீரைச் சில நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடிவைத்து ஆறவிட்டுக் கரைத்தால் எண் மேலே ஏறும். அப்படி ஏறினால் தண்ணீர்தான் காரணம் என்று தெரிந்துவிடும். திறந்த பீக்கரில் வைத்தால் அது மறுபடி இறங்கிக்கொண்டே வரும், ஆகவே அளப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மறுபக்கம்: அம்மோனியம் குளோரைடு

ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரம்தான் இது. இங்கே Cl⁻ சும்மா இருக்கும். NH₄⁺ வலிமை குறைந்த காரமான அம்மோனியாவிலிருந்து வந்தது.

NH₄⁺ + H₂O ⇌ NH₃ + H₃O⁺

வருவது H₃O⁺, ஆகவே வேண்டியது Ka, நேரடியாகக் கிடைப்பது pH. அம்மோனியாவின் Kb-உம் தற்செயலாக 1.8 × 10⁻⁵ தான். எனவே NH₄⁺-இன் Ka 5.56 × 10⁻¹⁰. எண்கள் அப்படியே கண்ணாடிபோல் திரும்பும். 0.05 M-க்கு [H₃O⁺] = 5.27 × 10⁻⁶, pH 5.28. இங்கே 14-லிருந்து கழிக்கக் கூடாது. பழக்கதோஷத்தில் கழித்துவிட்டு 8.72 என்று எழுதியவர்கள் படி 1-இன் வரியைப் பார்த்தாலே போதும்: H₃O⁺ வருகிற கரைசல் 7-க்கு மேலே போகாது.

20 மில்லி 0.1 M அம்மோனியாவை அதே செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்த்தால், அமிலம் 20 மில்லி இறங்கியதும் குடுவையில் இருப்பது இந்த 0.05 M கரைசல்தான். அதற்குப் பினாப்தலீன் போட்டால், pH 8.2-க்கு இறங்கும்போதே, அதாவது 18.4 மில்லியிலேயே, நிறம் போய்விடும். ஒன்றரை மில்லிக்கு மேல் பிழை. மெத்தில் சிவப்பு 4.4-க்கும் 6.2-க்கும் இடையில் மாறும், 5.28 அதன் நடுவில் விழுகிறது. அதை எடுங்கள்.