சனிக்கிழமை காலை, ஒரு முழுத் தாள்

சுங்கை சிப்புட்டில் எங்கள் படிப்பு வட்டப் பிள்ளைகள் எஸ்.பி.எம். கணிதத்தை நன்றாகவே போடுவார்கள். இரண்டாம் தாளில் மட்டும் மதிப்பெண் ஏறவில்லை. பயிற்சித் தாள்களைப் புரட்டியபோது காரணம் தெரிந்தது. கடைசியில் வரும் ‘சி’ பகுதி பலருக்கு வெறுமையாகக் கிடந்தது. தலைப்பு தலைப்பாகவே பயிற்சி செய்ததால், இரண்டரை மணி நேரம் தொடர்ந்து எழுதும் பழக்கம் இல்லை.

அந்த வாரம் கோயில் மண்டபத்தில் இப்படிப் பேசினேன்:

“தம்பி, தங்கச்சிகளா, வாரக் கடைசியில் ஒரு பழைய தாள் போதும். ஆனால் முழுசாகப் போடணும். 100 மதிப்பெண்ணுக்கு 150 நிமிடம், அதாவது மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம். ‘ஏ’ பகுதி 40 மதிப்பெண், அதற்கு ஒரு மணி நேரம். ‘பி’ 45, அதற்கு 67 நிமிடம். ‘சி’யில் இரண்டில் ஒரு கேள்வி, 15 மதிப்பெண், மிச்ச நேரம் அதற்கு. ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் ஓரத்தில் மணியை எழுதுங்கள். கணக்கு நின்றுபோனால் வட்டமிட்டுவிட்டு நகருங்கள். செய்த வரைக்கும் அழிக்காதீர்கள், வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு.”

ஒரு மாணவி 9.00 மணிக்குத் தொடங்கி ‘ஏ’யை 10.25க்குத்தான் முடித்திருந்தாள். 4 மதிப்பெண் கணக்கு ஒன்றே அவளிடம் அரை மணி நேரத்தைத் தின்றிருந்தது. அடுத்த வாரம் அப்படி ஒன்று வந்தபோது வட்டமிட்டு நகர்ந்தாள், ‘சி’யையும் முடித்தாள்.

ஆனால் படிக்காத தலைப்பை முழுத் தாள் கற்றுத் தராது. அதனால் ஞாயிறு மாலை தவறிய கணக்குகளை மட்டும் பாடநூலோடு மறுபடி போடுகிறோம்.